பாட்டி தொடங்கி வைத்த பிரதி

உயிரணுவின் வரலாறு – அத்தியாயம் 17

1958ஆம் ஆண்டு. கோபன்ஹேகனில் ஓலே மாலோவின் ஆய்வுக்கூடம். சால்மொனெல்லா என்னும் பாக்டீரியாவை உப்புகளும் கொஞ்சம் சர்க்கரையும் மட்டும் கரைந்த நீரில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பசியாற அதிகம் கிடைக்காத அந்த நீரில் ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரிய ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். திடீரென்று அதற்குச் சத்து நிறைந்த சாற்றைக் கொடுத்தார்கள். அந்தச் சாற்றில் அது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு பிரியக்கூடியது. மோசெலியோ ஷெக்டரும் நீல்ஸ் ஓலே கெல்கோரும் மாலோவும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

விருந்து கிடைத்ததும் பாக்டீரியா பருக்கத் தொடங்கிவிட்டது. சில நிமிடங்களிலேயே உடல் எடை கூடும் வேகம் மாறியது. சுமார் 20 நிமிடம் கழித்து டி.என்.ஏ. உண்டாகும் வேகமும் கூடியது. ஆனால் பிரிவது மட்டும் பழைய தாளத்திலேயே நடந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று போனது. சாறு வந்த சேதியே தெரியாததுபோல் பழைய நீரில் பிரிந்த அதே கதியில் பிரிந்துகொண்டிருந்தது. சுமார் 70 நிமிடம் ஆனதும், யாரோ சொடுக்குப் போட்டதுபோல், புதிய வேகத்துக்கு ஒரே அடியாகத் தாவியது.

அந்த 70 நிமிடம் ஏன்? அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. விடை கிடைக்கப் பத்து வருடம் ஆனது. இந்த அத்தியாயம் அந்தப் பத்து வருடத்தின் கதை.

இடிக்கும் கணக்கு

சென்ற அத்தியாயத்தில் ஜான் கேர்ன்ஸின் படத்தைப் பார்த்தோம். 1963இல் அவர் வெளியிட்ட அந்தப் படத்தில் ஈ.கோலை பாக்டீரியாவின் குரோமோசோம் முனையில்லாத வளையமாகக் கிடந்தது. நீட்டிப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். அதைச் சுமக்கும் பாக்டீரியாவின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குதான். அந்த வளையம் ஓரிடத்தில் பிளந்து இரட்டை வளையமாகிக்கொண்டிருந்தது. மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்கிறோம் அல்லவா, அதைப்போலப் பழைய இழை இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் தனக்கொரு புதிய ஜோடியைக் கட்டிக்கொள்ளும் இடத்தை இனி நாமும் கவை என்றே சொல்வோம்.

அதே 1963இல் பிரான்சுவா ஜாகோப், சிட்னி பிரென்னர், பிரான்சுவா குசேன் மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பிரதியெடுப்பு வளையத்தில் நினைத்த இடத்தில் தொடங்குவதில்லை. அதற்கென்று ஒரே ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. அந்தப் புள்ளியில் ஒரு புரதம் வந்து அனுமதி கொடுத்தால்தான் வேலை ஆரம்பமாகும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் வளையம் முழுவதையும் முடிக்காமல் நிற்காது.

இப்போது கணக்கு இடிக்கிறது. நல்ல சாற்றில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறது. வளையம் முழுவதையும் ஒருமுறை பிரதியெடுக்கவோ சுமார் 40 நிமிடம் வேண்டும். பிரதி முழுமையாக இல்லாமல் பிரிந்தால் ஒரு மகளுக்குப் பாதிக் குரோமோசோம்தான் கிடைக்கும், அவள் செத்துப்போவாள். ஆனாலும் பாக்டீரியா சாகவில்லை. தலைமுறை தலைமுறையாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிந்துகொண்டே இருக்கிறது. நாற்பது நிமிட வேலையை இருபது நிமிட வாழ்நாளுக்குள் எப்படி முடிக்கிறது?

கவையின் ஓட்டத்தைக் கூட்டிக்கொள்கிறது என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. உணவு நன்றாக இருக்கும் எல்லாச் சமயங்களிலும் கவையின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் துப்பு வேறொரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. 1964இல் யோஷிகாவா, ஓசல்லிவன், சுவோகா மூவரும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் குரோமோசோமில் எந்த மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். பிரதியெடுப்பு நடந்துகொண்டிருக்கும் ஒரு வளையத்தில் தொடக்கப் புள்ளிக்கு அருகில் இருக்கும் மரபணு முதலில் இரண்டாகிவிடும், கடைசியில் இருப்பது ஒன்றாகவே இருக்கும். ஆக, ஒரு சுற்று மட்டும் ஓடினால் இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒருபோதும் இரண்டைத் தாண்டக் கூடாது. சத்துமிக்க உணவில் வளர்ந்த பாக்டீரியாவில் அது தாண்டியது, நான்கை நோக்கிப் போனது. இதற்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான். முதல் சுற்று முடியும் முன்பே, இரண்டாகியிருந்த தொடக்கப் புள்ளிகளில் அடுத்த சுற்று தொடங்கிவிட்டது.

சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன என்பது தெரிந்துவிட்டது. எப்போது தொடங்குகின்றன, எப்போது முடிகின்றன, அதற்கும் பிரிவதற்கும் என்ன உறவு? அதைச் சொல்ல, ஒரு பாக்டீரியாவின் வாழ்நாளில் எந்த வயதில் எவ்வளவு டி.என்.ஏ. உண்டாகிறது என்று அளந்தாக வேண்டும்.

மகள்களை உதிர்க்கும் இயந்திரம்

குடுவையில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். ஒன்று இப்போதுதான் பிறந்திருக்கும், இன்னொன்று பிரியப்போகும். எல்லா வயதும் கலந்து கிடக்கும் கூட்டத்தில் வயதுவாரியாக அளப்பது எப்படி? குளிரவைத்தும் பட்டினி போட்டும் எல்லாவற்றையும் ஒரே வயதுக்குக் கொண்டுவரப் பலர் முயன்றார்கள். அப்படி வதைபட்ட பாக்டீரியா இயல்பாக நடந்துகொள்ளாது.

சார்லஸ் ஹெல்ம்ஸ்டெட்டரும் டொனால்ட் கம்மிங்ஸும் கண்ட வழி, பாக்டீரியாவை வதைக்காத வழி. பாக்டீரியா நுழைய முடியாத அளவு நுண்ணிய துளைகள் கொண்ட வடிதாள் ஒன்றை எடுத்து, அதன் மேல் பாக்டீரியாக்கள் மிதக்கும் நீரை ஊற்றி உறிஞ்சுவார்கள். நீர் கீழே இறங்கிவிடும், பாக்டீரியாக்கள் தாளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். மேலிருந்து வெதுவெதுப்பான சத்துநீர் சீராக இறங்கிக்கொண்டிருக்கும். தாளில் தொங்கும் பாக்டீரியா வளரும். அது இரண்டாகப் பிரியும்போது ஒரு பாதி தாளில் ஒட்டியே இருக்கும், இன்னொரு பாதி பிடிப்பில்லாமல் நீரோடு சொட்டிவிடும். கீழே வைத்த குழாயில் விழுவதெல்லாம் அந்த நொடியில் பிறந்த குழந்தைகள். ஆய்வாளர்கள் இதைச் செல்லமாகப் ‘பேபி மெஷின்’ என்று அழைத்தார்கள்.

இதில் ஹெல்ம்ஸ்டெட்டர் செய்த நுட்பம் என்னவென்றால், கணக்கைப் பின்னோக்கி வாசித்தது. தாளில் ஏற்றும் முன்பே, எல்லா வயதும் கலந்திருக்கும் குடுவையில் கதிரியக்கத் தைமிடினைச் சிறிது நேரம் மட்டும் கலந்தார். தைமிடின் டி.என்.ஏ.வின் உறுப்பு. எனவே அந்த நேரத்தில் எந்தப் பாக்டீரியா எவ்வளவு டி.என்.ஏ. கட்டிக்கொண்டிருந்ததோ அந்த அளவுக்கு அதில் கதிரியக்கம் ஏறும். பிறகு கழுவி, தாளில் ஏற்றி, திருப்பிவிட்டார். முதலில் சொட்டும் குழந்தைகள் யாருடையவை? பிரியும் தறுவாயில் இருந்த மூத்த தாய்களுடையவை. நேரம் ஆக ஆக இளைய தாய்களின் குழந்தைகள் வரும். ஒரு தலைமுறைக் காலம் முடியும்போது வருவது, அன்று அப்போதுதான் பிறந்திருந்த தாயின் குழந்தை. குழாய் குழாயாகக் குழந்தைகளை எண்ணி, கதிரியக்கத்தையும் எண்ணினால், மூப்பிலிருந்து பிறப்புவரை ஒவ்வொரு வயதிலும் டி.என்.ஏ. எவ்வளவு வேகமாக உண்டானது என்பது வரிசையாகத் தெரிந்துவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு. 50 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் பாக்டீரியா என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி, முதல் 10 நிமிடத்தில் சொட்டும் குழந்தைகளில் கதிரியக்கம் இரண்டு பங்கு இருக்கும். அடுத்த 10 நிமிடத்துக் குழந்தைகளில் ஒன்றுமே இராது. அதற்கடுத்த 30 நிமிடத்துக் குழந்தைகளில் ஒரு பங்கு இருக்கும். இதைத் திருப்பிப் போட்டு வாசியுங்கள். பிறந்து 30 நிமிடம் வரை ஒரு வளையம் பிரதியாகிறது. பிறகு 10 நிமிடம் எதுவும் நடப்பதில்லை. கடைசி 10 நிமிடத்தில், இப்போது இரண்டாகிவிட்ட வளையங்கள் இரண்டிலும் புதிய சுற்று தொடங்குகிறது. அதனால்தான் அங்கே இரட்டிப்பு. உண்மையான சோதனையில் படிகள் இவ்வளவு செதுக்கியதுபோல் இருப்பதில்லை. ஒரே வயதுடைய எல்லாப் பாக்டீரியாக்களும் ஒரே நொடியில் பிரிவதில்லை என்பதால் ஓரங்கள் மழுங்கித்தான் வரும். ஆனாலும் படி எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்க்க முடியும்.

பஃபலோ, 1968

ஹெல்ம்ஸ்டெட்டர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் இருந்தார். அதே ஊரில் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கூப்பர் இருந்தார். இருவரும் சேர்ந்து ஈ.கோலையின் ‘பி/ஆர்’ என்ற வகையைப் பலவித உணவுகளில் வளர்த்தார்கள். உணவுக்கு உணவு பிரியும் கால இடைவெளி மாறியது, கதிரியக்கப் படிகளின் இடமும் மாறியது. பிறந்த நேரத்திலிருந்து எண்ணியபோது படிகளில் ஓர் ஒழுங்கும் தெரியவில்லை. பிரியும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணியபோதுதான் ஒழுங்கு துலங்கியது.

வேகமாக வளரும் எல்லாக் கூட்டங்களிலும், ஒரு சுற்றுப் பிரதியெடுப்பு தொடங்கியதிலிருந்து முடியும் வரை சுமார் 40 நிமிடம். இதை அவர்கள் சி காலம் என்றார்கள். முடிந்ததிலிருந்து பாக்டீரியா பிரியும் வரை சுமார் 20 நிமிடம். இதை டி காலம் என்றார்கள். ஆக, ஒரு பிரிவுக்கான ஏற்பாடு அது நடப்பதற்கு 60 நிமிடம் முன்பே தொடங்கிவிடுகிறது. பாக்டீரியா 20 நிமிடத்தில் பிரிந்தாலும் சரி, 60 நிமிடத்தில் பிரிந்தாலும் சரி, அந்த அறுபது மாறுவதில்லை. 1968இல் இருவரும் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகளாக இதை வெளியிட்டார்கள்.

கல்யாண வீட்டுச் சமையல் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. உலை வைத்ததிலிருந்து சோறு இலைக்கு வர ஒரு மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். பந்தி 20 நிமிடத்துக்கு ஒன்று. சமையல்காரர் ஒரு பந்தி எழுந்த பிறகு அடுத்த உலையை வைப்பதில்லை. முதல் பந்திக்கு இலை போடும்போதே நான்காம் பந்திக்கு உலை வைத்தாகிவிட்டது. எந்த நேரத்தில் அடுப்படியை எட்டிப் பார்த்தாலும் மூன்று பந்திக்கான சோறு மூன்று பக்குவத்தில் இருக்கும். அரிசி வேகும் நேரம் குறையவில்லை, பந்திதான் தவறாமல் நடக்கிறது.

பாக்டீரியாவில் இது எப்படி நடக்கிறது என்று தாளில் வரைந்து பாருங்கள். முதலில் 60 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் பாக்டீரியா. இது எளிது. பிறந்ததும் தொடக்கப் புள்ளியில் வேலை ஆரம்பிக்கும். 40ஆம் நிமிடம் முடியும். 60ஆம் நிமிடம் பிரியும். ஒரு வாழ்நாளுக்குள் ஒரு சுற்று.

அடுத்து 40 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் பாக்டீரியா. பிரிவதற்கு 60 நிமிடம் முன்பு தொடங்க வேண்டும். ஆனால் அதன் வயதே 40தான். ஆகையால் அதன் பிரிவுக்கான சுற்று தாயின் உடலில், தாய்க்கு 20 நிமிடம் வயதாகும்போது தொடங்கியது. மகள் பிறக்கும்போதே பாதி பிரதியான வளையத்தோடு பிறக்கிறாள்.

இப்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் பாக்டீரியா. அறுபது என்பது இங்கே மூன்று தலைமுறை. பேத்தி பிரிவதற்கான சுற்று பாட்டி பிறந்த நொடியில் தொடங்கியது. பாட்டி அதைப் பாதிவரை கொண்டுவந்தாள். தாய் முடித்தாள். பேத்தி அதன் பலனை எடுத்துக்கொண்டு பிரிகிறாள். அதே நேரத்தில் பேத்தியின் உடலில் அவளுடைய மகளுக்கும் பேத்திக்குமான சுற்றுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எண்ணிப் பாருங்கள். இந்தப் பாக்டீரியா பிறக்கும் நொடியில் அதனிடம் இரண்டு வளையங்கள் முழுமையாக இருக்கும், ஏனென்றால் அதன் பிரிவுக்கான சுற்று இப்போதுதான் முடிந்திருக்கிறது. அந்த இரண்டிலும் அடுத்த சுற்று ஏற்கெனவே பாதி ஓடியிருக்கும். எனவே தொடக்கப் புள்ளிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு, மொத்தம் நான்கு. அந்த நான்கிலும் இப்போது புதிய சுற்று தொடங்குகிறது, நான்கு எட்டாகிறது. ஒரு பாக்டீரியாவின் உடலில் எட்டுத் தொடக்கப் புள்ளிகள், இரண்டே இரண்டு முடிவுப் பகுதிகள். நான்குக்கு ஒன்று. 1964இல் பேசில்லஸில் கண்ட விகிதம் இங்கேயும் தானாக வந்து நிற்கிறது.

அந்த எட்டையும் பாக்டீரியா பிரியும்போது பங்கு போட்டால் மகளுக்கு நான்கு. கணக்கு எங்கும் இடிக்கவில்லை.

70 நிமிடத்தின் விடை

இப்போது கோபன்ஹேகனுக்குத் திரும்பலாம். சாறு ஊற்றிய நொடியில் பாக்டீரியாக்களுக்குள் ஏற்கெனவே சுற்றுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை பழைய உணவில், பழைய இடைவெளியில் தொடங்கியவை. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நடக்கவேண்டிய பிரிவுகள் எல்லாம் அப்போதே நிச்சயமாகிவிட்டன. சாறு வந்ததும் பாக்டீரியா பருத்தது, புதிய சுற்றுகளை அடிக்கடி தொடங்கியது. டி.என்.ஏ. உண்டாகும் வேகம் அதனால்தான் கூடியது. ஆனால் புதிதாகத் தொடங்கிய சுற்று ஓடி முடிந்து, டி காலமும் கழிந்த பிறகுதான் அது பிரிவாக வெளிப்படும். அதுவரை பிரிவின் தாளம் பழையது. அந்த நேரம் தீர்ந்த நொடியில் புதிய தாளம். ஷெக்டரும் கெல்கோரும் மாலோவும் அளந்த 70 நிமிடம் என்பது அந்தச் சால்மொனெல்லாவின் சியும் டியும் சேர்ந்த காலம்தான்.

1968இல் ஹெல்ம்ஸ்டெட்டரும் கூப்பரும் ஒரே ஒரு கவை வளையத்தைச் சுற்றி வருவதாகத்தான் எண்ணினார்கள். கேர்ன்ஸும் அப்படியே நினைத்திருந்தார். 1971இல் மில்லிசென்ட் மாஸ்டர்ஸும் பால் பிராடாவும், 1972இல் பிரெஸ்காட்டும் கியூம்பெலும் தொடக்கப் புள்ளியிலிருந்து இரு திசையிலும் இரண்டு கவைகள் புறப்படுகின்றன என்று காட்டினார்கள். அவை வளையத்தின் எதிர்ப்புறத்தில் சந்திக்கின்றன. இதனால் 40 நிமிடக் கணக்கு அசையவில்லை, கவையின் வேகம்தான் பாதியானது. 1997இல் ஈ.கோலையின் டி.என்.ஏ. முழுவதும் எழுத்து எழுத்தாக வாசிக்கப்பட்டபோது அதில் 46,39,221 எழுத்துகள் இருந்தன. பாதி வளையத்துக்குச் சுமார் 23 லட்சம். 40 நிமிடத்தில் முடிக்க, ஒரு கவை நொடிக்குச் சுமார் ஆயிரம் எழுத்துகளைப் பிரதியெடுக்கிறது. நாம் மேலே வரைந்த 20 நிமிடப் பாக்டீரியாவில் இப்படிப்பட்ட கவைகள் 12 ஒரே நேரத்தில் ஓடுகின்றன. வரைந்த தாளில் எண்ணிப் பாருங்கள், பாதி ஓடிய சுற்றில் நான்கு, புதிதாகத் தொடங்கியதில் எட்டு.

மணி அடிப்பது எது?

சமையல்காரருக்கு எப்போது உலை வைக்கவேண்டும் என்று தெரியும். பாக்டீரியாவுக்கு யார் சொல்வது? அதே 1968இல் வில்லியம் டொனாகி ஒரு கணக்குப் போட்டார். கோபன்ஹேகன் குழு 1958இல் இன்னொன்றையும் அளந்து வைத்திருந்தது. வேகமாக வளரும் பாக்டீரியா பெரிதாக இருக்கும், மெதுவாக வளர்வது சிறியதாக இருக்கும். அந்த அளவு வளர்ச்சியோடு எப்படி மாறுகிறது என்ற எண்களும் அவர்களிடம் இருந்தன. டொனாகி அந்த எடையை எடுத்து, பஃபலோவின் 60 நிமிடக் கணக்குப்படி சுற்று தொடங்கும் நொடியில் ஒவ்வொரு பாக்டீரியாவும் என்ன எடை இருந்திருக்கும் என்று பார்த்தார். தொடக்கப் புள்ளி ஒன்றுக்கு வகுத்தபோது எல்லா உணவிலும் ஒரே எடை வந்தது.

ஒரு தொடக்கப் புள்ளிக்கு இவ்வளவு உடம்பு சேர்ந்தால் மணி அடிக்கும். நல்ல சாப்பாடு கிடைத்தால் உடம்பு சீக்கிரம் சேரும், மணியும் அடிக்கடி அடிக்கும். கவையின் வேகத்தை யாரும் கூட்ட வேண்டியதில்லை. வேகமாக வளரும் பாக்டீரியா ஏன் பெரிதாக இருக்கிறது என்பதற்கும் இதிலேயே காரணம் கிடைத்துவிட்டது. மணி அடித்த பிறகு 60 நிமிடம் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது, வளர்ச்சி வேகமாக இருந்தால் அந்த அறுபதுக்குள் பலமடங்கு பருத்துவிடும்.

இன்னொரு கட்டுப்பாடும் வேண்டியிருக்கிறது. தொடக்கப் புள்ளி இரண்டான உடனே அவை மறுபடியும் தொடங்கிவிடக் கூடாது. 1994இல் நான்சி கிளெக்னரின் குழு ‘செக்-ஏ’ என்ற புரதத்தைக் கண்டறிந்தது. ஈ.கோலை தன் டி.என்.ஏ.வில் ஜி.ஏ.டி.சி. என்ற நான்கெழுத்து வரும் இடங்களிலெல்லாம் ஒரு சிறு அடையாளம் வைக்கிறது. 245 எழுத்து நீளமுள்ள தொடக்கப் புள்ளியில் மட்டும் இந்த நான்கெழுத்து 11 முறை வருகிறது. பிரதியான உடனே பழைய இழையில் அடையாளம் இருக்கும், புதிய இழையில் இராது. இந்த அரைகுறை அடையாளத்தைக் கண்டால் செக்-ஏ வந்து பொத்திக்கொள்கிறது. புதிய இழைக்கும் அடையாளம் வைக்கும்வரை விடுவதில்லை.

இது கெட்டால் எப்படித் தெரியும்? 1986இல் நார்வேயில் கிர்ஸ்டன் ஸ்கார்ஸ்டாட், எரிக் போயே, ஹரால்ட் ஸ்டீன் மூவரும் ஒரு வழி காட்டினார்கள். காசநோய்க்குக் கொடுக்கிறார்களே ரிஃபாம்பிசின், அந்த மருந்தைப் பாக்டீரியாவுக்குக் கொடுத்தால் புதிய சுற்று தொடங்காது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சுற்றுகள் முடியும்வரை ஓடும். பிரிவதையும் நிறுத்திவிட்டால், கடைசியில் ஒவ்வொரு பாக்டீரியாவிலும் முழு வளையங்கள் மட்டும் மிஞ்சும். மருந்து கொடுத்த நொடியில் எத்தனை தொடக்கப் புள்ளிகள் இருந்தனவோ அத்தனை வளையங்கள். ஒவ்வொரு பாக்டீரியாவிலும் டி.என்.ஏ. எவ்வளவு என்று ஒளியால் அளந்தபோது, இரண்டு, நான்கு, எட்டு என்ற எண்களில் மட்டும் கூட்டம் குவிந்தது. மூன்று, ஐந்து, ஆறு, ஏழு அரிது. ஒரே உடலில் உள்ள எல்லாத் தொடக்கப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அடையாளம் வைக்க முடியாத பாக்டீரியாவிலும் செக்-ஏ இல்லாத பாக்டீரியாவிலும் இதே சோதனையைச் செய்தால் மூன்றும் ஐந்தும் ஏழும் தாராளமாக வருகின்றன. தாளம் தப்பியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கடைசி இருபது நிமிடம்

டி காலத்தில் என்ன நடக்கிறது? பிரதி முடிந்துவிட்டது, உடனே பிரியலாமே என்று தோன்றும். வளையமாக இருப்பதுதான் சிக்கல்.

இரண்டு கவைகளும் எதிர்ப்புறத்தில் சந்திக்கும் பகுதியில் ‘டெர்’ எனப்படும் இடங்கள் பல இருக்கின்றன. அவற்றின் மேல் ‘டஸ்’ என்ற புரதம் அமர்ந்து, ஒரு திசையில் வரும் கவையை விடும், எதிர்த் திசையில் வருவதை நிறுத்தும். உள்ளே நுழையலாம், வெளியேற முடியாது. ஒரு கவை முந்திவிட்டாலும் மற்றதுக்காக அங்கேயே காத்திருக்கும். முறுக்கிய இரட்டை இழை பிரிந்து இரு வளையங்களானதும், அவை சங்கிலிக் கண்ணிகளைப்போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடக்கும். டோபோஐசோமெரேஸ்-4 என்ற நொதி ஒரு வளையத்தை வெட்டி, மற்றதை அந்த வெட்டின் வழியே கடத்தி, மறுபடி ஒட்டிவிடுகிறது. இந்த நொதி செயலிழந்தால், நீண்டுகொண்டே போகும் பாக்டீரியாவின் நடுவில் டி.என்.ஏ. ஒரே கட்டியாகத் திரண்டு கிடப்பதை நுண்ணோக்கியில் காணலாம்.

சில சமயம் இரண்டு வளையங்களும் கோத்துக்கொள்வதோடு நில்லாமல் ஒரே பெரிய வளையமாக இணைந்துவிடும். அதை இரண்டாக்க, முடிவுப் பகுதியில் ‘டிஃப்’ என்ற 28 எழுத்து இடம் ஒன்று உண்டு. அங்கே இரண்டு புரதங்கள் வெட்டி ஒட்டும். அவற்றுக்கு வேலை செய்ய அனுமதி கொடுப்பது எஃப்.டி.எஸ்.-கே என்ற புரதம். அது இருக்கும் இடம்தான் முக்கியம். பாக்டீரியாவின் நடுவில் எழும்பிக்கொண்டிருக்கும் பிரிசுவரிலேயே அது பதிந்திருக்கிறது. சுவர் நெருங்கி வரும்போது அதற்கு நடுவே சிக்கிய டி.என்.ஏ.வை இரு பக்கமும் இழுத்துவிட்டு, டிஃப் இடங்களை ஒன்றுசேர்த்து, வெட்டச் சொல்கிறது. பிரதியெடுப்பின் கடைசி வேலையும் பிரிவின் முதல் வேலையும் ஒரே இடத்தில், ஒரே புரதத்தின் கையில் இருக்கின்றன. இத்தனையும் நடக்கும்போது, அதே வளையங்களின் மறுமுனையில் பேத்திகளுக்கான கவைகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பஃபலோவின் கணக்குக்கு எல்லை உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துப் பிரியும் அளவுக்கு உணவு மெலிந்தால் சியும் டியும் நீளத் தொடங்குகின்றன, அறுபது அறுபதாக நிற்பதில்லை. ஈ.கோலையின் வகைக்கு வகையும் எண்கள் கொஞ்சம் மாறும். பிரதி முடிந்ததுதான் பிரிவைத் தூண்டுகிறதா, அல்லது இரண்டும் தனித்தனித் தாளத்தில் ஓடிக் கடைசியில் ஒன்றுசேர்கின்றனவா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. தொடக்கப் புள்ளி ஒன்றுக்கு இவ்வளவு உடம்பு என்ற டொனாகியின் கணக்கு மட்டும், இப்போது ஒற்றைப் பாக்டீரியாவைத் தலைமுறை தலைமுறையாகப் படம்பிடித்துப் பார்க்கும் காலத்திலும் அசையாமல் நிற்கிறது.

நல்ல சாற்றில் இந்த நொடி பிறந்த பாக்டீரியாவை இனி நாம் வேறு விதமாகப் பார்க்கலாம். அது பிரிய இன்னும் 20 நிமிடம் இருக்கிறது, ஆனால் அந்தப் பிரிவுக்கான பிரதியை அதன் பாட்டி தொடங்கி, தாய் முடித்துக் கொடுத்துவிட்டாள். அது இப்போது தொடங்குவதன் பலனைத் தானும் காணாது, அதன் மகளும் காணமாட்டாள்.

அந்தத் தொடக்கப் புள்ளியை ஆர்தர் கோர்ன்பெர்க்கின் ஆய்வுக்கூடம் 1981இல் சோதனைக் குழாய்க்குள் கொண்டுவந்தது. பாக்டீரியாவே இல்லாமல், வெறும் புரதக் கலவையில் அந்த 245 எழுத்துகள் திறந்துகொண்டதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.